போனஸ் கணக்கு சரியா? தப்பான தொகையை வைத்தே தப்பைக் கண்டுபிடிப்பது எப்படி

கைக்கு வந்த போனஸ் குறைவாகத் தெரிந்தால், கால்குலேட்டரை எடுத்துச் சம்பளத்தை மாதங்களால் பெருக்கி, சதவீதத்தைப் போட்டுப் பார்ப்போம். வேறு ஏதோ ஒரு தொகை வரும். உடனே கோபம் வரும், அல்லது "நமக்குத்தான் கணக்கு வரவில்லை போல" என்று விட்டுவிடுவோம். இரண்டும் வேண்டாம். சம்பள உச்சவரம்பு, குறைந்தபட்சப் பணிக்காலம், சதவீதம் என்ற மூன்றும் சேரும் கணக்கில் தப்பு நடக்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு தப்புக்கும் அதற்கே உரிய ஒரு தொகை உண்டு. அதனால் சரியான விடையோடு, வழக்கமான தப்பு விடைகளையும் போட்டு வைத்துக்கொண்டால், உங்களுக்குத் தந்த தொகை எந்த வழியில் வந்தது என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

ஒரே ஒரு ஊழியரை வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் விதியில் உள்ளவற்றை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

விதி இப்படி இருக்கிறது: "ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான காலத்தில் குறைந்தது ஆறு மாதம் பணி செய்தவர்களுக்கு, அந்தக் காலத்தில் பெற்ற அடிப்படைச் சம்பளத்தில் 8 சதவீதம் போனஸ். சம்பள உச்சவரம்பு மாதம் 20,000."

ஊழியர் ஜூலை 1 அன்று சேர்ந்தார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அடிப்படைச் சம்பளம் 18,000. அக்டோபரில் உயர்வு கிடைத்து 24,000 ஆனது. டிசம்பர் முடியும்வரை அதே சம்பளம். விடுப்பு எதுவும் எடுக்கவில்லை. அவருக்கு வந்த போனஸ்: பூஜ்யம்.

முதலில் விதியைப் படியுங்கள், எண்ணை அல்ல

உச்சவரம்பு என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. புதிதாக வருபவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒன்று, தகுதிக்கான வரம்பு. சம்பளம் 20,000-ஐத் தாண்டினால் போனஸே கிடையாது என்பது இதன் பொருள். வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை மட்டும் இது முடிவு செய்யும்.

இன்னொன்று, கணக்குக்கான வரம்பு. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் போனஸ் உண்டு, ஆனால் கணக்கில் 20,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். 24,000 வாங்குபவரும் 40,000 வாங்குபவரும் 20,000 வாங்குபவராகவே நடத்தப்படுவார்கள்.

சில விதிகளில் இரண்டும் இருக்கும், இரண்டும் வெவ்வேறு எண்களாக இருக்கும். அப்படி இருந்தால் இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். நம் உதாரணத்தில் "உச்சவரம்பு" என்று மட்டும் போட்டுவிட்டு எந்த வகை என்று சொல்லவில்லை. இப்படி அரைகுறையாக எழுதிய விதிகள் நிறைய உண்டு. ஆகவே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. இங்கே அது கணக்குக்கான வரம்பு என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம்.

அப்புறம் "சம்பளம்" என்றால் எது? அடிப்படைச் சம்பளம் மட்டுமா, படிகளும் சேர்த்தா? நம் விதி அடிப்படைச் சம்பளம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுடையது வெறும் "சம்பளம்" என்று சொன்னால், சம்பளச் சீட்டில் எந்தெந்த வரி சேரும் என்பதையும் அதே கேள்வியோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மாதவாரியாக ஒரு தாள்

எக்செல் போன்ற விரிதாளைத் திறந்து, A பத்தியில் மாதத்தின் பெயரையும் B பத்தியில் அந்த மாதம் பெற்ற அடிப்படைச் சம்பளத்தையும் எழுதுங்கள். முதல் வரி தலைப்பு. ஜூலை முதல் டிசம்பர் வரை இரண்டாம் வரியிலிருந்து ஏழாம் வரி வரை வரும். சம்பளத்தை நினைவிலிருந்து எழுத வேண்டாம், மாதச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். உயர்வு அறிவித்த மாதமும் அது கைக்கு வந்த மாதமும் வேறாக இருப்பது சகஜம். நிலுவையாகப் பிறகு கொடுத்திருந்தால், அது எந்த மாதத்துச் சம்பளமோ அந்த மாதத்தில் சேர்ப்பதா, கையில் வந்த மாதத்தில் சேர்ப்பதா என்பதை விதியில் பாருங்கள். உச்சவரம்பு இருக்கும்போது இந்த வித்தியாசம் தொகையை மாற்றும்.

விதியில் உள்ள எண்களை ஓரமாக F பத்தியில் வையுங்கள். F2-இல் உச்சவரம்பு 20000, F3-இல் 8%, F4-இல் குறைந்தபட்ச மாதம் 6, F5-இல் சேர்ந்த தேதி, F6-இல் கணக்குக் காலத்தின் கடைசித் தேதி. ஃபார்முலாவுக்குள்ளேயே 20000 என்று எழுதிவிட்டால் பிறகு எங்கே எதை மாற்றினோம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

C2-இல் இதைப் போட்டு ஏழாம் வரி வரை இழுத்துவிடுங்கள்:

```
=MIN(B2,$F$2)
```

சம்பளம், உச்சவரம்பு இரண்டில் எது சிறியதோ அது வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை 18,000, அக்டோபரிலிருந்து 24,000-க்குப் பதில் 20,000. C பத்தியின் கூட்டுத்தொகை 54,000-உம் 60,000-உம் சேர்ந்து 1,14,000. அதில் 8 சதவீதம் 9,120. ஊழியருக்கு வர வேண்டியது இதுதான், பணிக்கால நிபந்தனையைத் தாண்டினால்.

ஆறு மாதம் என்பது ஐந்தாகிவிடும் இடம்

ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை எத்தனை மாதம்? விரல் விட்டு எண்ணினால் ஆறு. ஆனால் விரிதாளில் இப்படி எழுதினால் ஐந்து என்று வரும்:

```
=DATEDIF(F5,F6,"M")
```

மென்பொருளில் கோளாறு இல்லை. முதல் தேதியிலிருந்து இரண்டாம் தேதி வரை முழுசாக எத்தனை மாதம் கடந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. ஜூலை 1-லிருந்து ஆறு மாதம் முழுசாகக் கடந்தால் ஜனவரி 1 வரும். டிசம்பர் 31 அதற்கு ஒரு நாள் முந்தியது. கடைசி நாளும் வேலை செய்த நாள்தானே, அதை அது எண்ணவில்லை. ஒரு நாளைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்:

```
=DATEDIF(F5,F6+1,"M")
```

இப்போது 6 வரும். நான் சம்பளப் பிரிவில் உட்கார்ந்த முதல் வருடம் இந்த +1 இல்லாத ஒரு பழைய தாளைத்தான் கையில் கொடுத்தார்கள். ஜூலை 1 அன்று சேர்ந்த அத்தனை பேருக்கும் பூஜ்யம், ஜூன் மாதம் சேர்ந்தவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. மாதத்தின் முதல் தேதியில் சேர்ந்தவர்கள் மட்டும் வரிசையாக வந்து கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரே தேதிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் சந்தேகம் முதலில் தேதிக் கணக்கின் மேல்தான் போக வேண்டும்.

திருத்திய ஃபார்முலாவையும் சும்மா நம்பிவிடாதீர்கள். F5-இல் ஜூலை 2 என்று மாற்றிப் பாருங்கள், 5 வர வேண்டும். ஜூன் 30 என்று மாற்றினால் 6 வர வேண்டும். எல்லைக்கு ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் சோதித்துவிட்டால் நிம்மதி.

பணிக்காலத்தில் இன்னொரு வழுக்கல் உண்டு. மூன்று வருடமாக வேலை பார்த்துவிட்டு, இந்த வருடம் மார்ச் 31 அன்று விலகிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மொத்தப் பணி மூன்று வருடத்துக்கு மேல், ஆனால் இந்தக் கணக்குக் காலத்துக்குள் மூன்று மாதம்தான். நம் விதி "அந்தக் காலத்தில் குறைந்தது ஆறு மாதம்" என்கிறது, ஆகவே அவருக்கு இல்லை. "ஆறு மாதப் பணி முடித்தவர்களுக்கு" என்று மட்டும் விதி சொல்லியிருந்தால் அவருக்கு உண்டு, மூன்று மாதச் சம்பளத்துக்கு. சேர்ந்த தேதி எவ்வளவு பழையதாக இருந்தாலும் கணக்குக் காலத்துக்குள் மட்டும் எண்ண வேண்டுமென்றால், காலத்தின் தொடக்கத் தேதியை F7-இலும் விலகிய தேதியை F8-இலும் வைத்து இப்படி எழுதலாம்:

```
=DATEDIF(MAX(F5,F7),MIN(F8,F6)+1,"M")
```

விலகாதவர்களுக்கு F8 வெறுமையாக இருக்கட்டும், MIN அதைக் கண்டுகொள்ளாது. 0 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 0-ஐ மிகப் பழைய தேதியாக எடுத்துக்கொண்டு #NUM! என்று கத்தும்.

வெற்றுக் கட்டம் உச்சவரம்பாக மாறுவது

இது நேர் எதிர்த் திசையில் போகும் தப்பு, தொகை கூடிவிடும். கூடுதலாக வந்தால் யாரும் புகார் செய்வதில்லை, அதனால் நீண்ட நாள் ஒளிந்திருக்கும். பிறகு ஒருநாள் பிடித்தம் என்ற பெயரில் திரும்பி வரும்.

வெற்றுக் கட்டத்தை MIN கண்டுகொள்ளாது என்று மேலே சொன்னேன். விலகிய தேதிக்கு உதவியாக இருந்த அதே குணம் சம்பளப் பத்தியில் காலை வாரிவிடும். அலுவலகத் தாளில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு வரிகள் இருக்கும். நம் ஊழியருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை சம்பளமே இல்லை, கட்டம் வெறுமை. அங்கே =MIN(B2,$F$2) என்ன தரும்? பூஜ்யம் என்றுதான் தோன்றும். தருவது 20,000. வெறுமையைத் தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரே எண்ணான உச்சவரம்பையே சிறியது என்று எடுத்துக்கொள்கிறது. ஆறு வெற்று மாதங்கள் 1,20,000-ஆகி, அடிப்படைத் தொகை 2,34,000-க்கு ஏறி, போனஸ் 18,720 என்று வந்து நிற்கும்.

வேறு மென்பொருளிலிருந்து ஒட்டியதால் 18,000 என்பது எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்திருந்தாலும் இதேதான் நடக்கும். பார்வைக்கு எண் போலவே இருக்கும், பெரும்பாலும் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்டும்போது SUM அதைக் கணக்கில் எடுக்காது, MIN அதை உச்சவரம்பாக்கிவிடும்.

பிடிக்க எளிய வழி, B பத்தியில் உண்மையான எண்கள் எத்தனை என்று எண்ணுவது. பன்னிரண்டு மாதத் தாளில் இது:

```
=COUNT(B2:B13)
```

நம் ஊழியருக்கு 6 வர வேண்டும். அதற்குக் குறைவாக வந்தால் ஏதோ ஒரு மாதச் சம்பளம் எழுத்தாக இருக்கிறது. எண்ணிக்கை சரியாக வந்த பிறகு வெற்று மாதங்களில் 0 போட்டுவிடுங்கள், MIN ஒழுங்காக 0 தரும்.

உச்சவரம்பு எப்போது போடப்பட்டது

மாதந்தோறும் உச்சவரம்பு போட்டுவிட்டுக் கூட்டுவதும், கூட்டிவிட்டு உச்சவரம்பு போடுவதும் ஒன்றல்ல. வருடம் முழுக்கச் சம்பளம் மாறாதவருக்கு இரண்டும் ஒரே தொகைதான், அதனால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வரம்புக்குக் கீழிருந்து நடுவில் மேலே போனவருக்குத்தான் வித்தியாசம் தெரியும், நம் ஊழியர் அப்படிப்பட்டவர்.

அவருடைய ஆறு மாத உண்மைச் சம்பளம் 54,000-உம் 72,000-உம் சேர்ந்து 1,26,000. மொத்தத்துக்கு வரம்பு போட்டால் ஆறு மாதத்துக்கு 1,20,000, போனஸ் 9,600. முதல் மூன்று மாதங்களில் வரம்புக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தைப் பிந்தைய மாதங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. கடைசிச் சம்பளத்தைப் பார்த்து, அதை 20,000-ஆகக் குறைத்து, ஆறால் பெருக்கினாலும் இதே 9,600 வரும். இன்னும் மோசம், ஆறு மாதக்காரருக்குப் பன்னிரண்டு மாத வரம்பான 2,40,000-ஐப் போடுவது. அது எங்கும் இடிக்காது, உச்சவரம்பே இல்லாதது போல 10,080 வரும்.

நம் விதி "மாதம் 20,000" என்பதால் மாதந்தோறும் போடுவதே சரி. சில விதிகள் வருட வரம்பைச் சொல்லும். அங்கே மொத்தத்துக்குப் போடலாம், ஆனால் நடுவில் சேர்ந்தவருக்கு அந்த வரம்பும் குறைகிறதா என்று கேட்க வேண்டும்.

சம்பளமில்லா விடுப்பிலும் இதே மாதிரி ஒரு கேள்வி எழும். நம் ஊழியர் நவம்பரில் 15 நாள் சம்பளமில்லாமல் விடுப்பு எடுத்தார் என்று வையுங்கள். முப்பது நாள் மாதம், கையில் வந்தது 12,000. உச்சவரம்பை முழு 20,000-ஆகவே வைத்தால் 12,000-உம் கணக்கில் சேரும், அடிப்படைத் தொகை 1,06,000, போனஸ் 8,480. நாள் கணக்கில் வரம்பையும் பாதியாக்கினால் நவம்பருக்கு 10,000, அடிப்படைத் தொகை 1,04,000, போனஸ் 8,320. எனக்குக் கேட்டால் இரண்டாவதுதான் நியாயமான ஒப்பீடு, ஏனென்றால் பாதி மாதச் சம்பளத்தைப் பாதி மாத வரம்போடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் விதியில் அப்படி எழுதியிருக்காவிட்டால் அலுவலகம் தானாக வரம்பைக் குறைக்க முடியுமா என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு. வித்தியாசம் 160தான். எந்த முறை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் அடுத்த வருடமும் பயன்படும்.

தொகையிலிருந்து தப்புக்கு

இப்போது விடுப்பை மறந்துவிட்டு, பழைய உதாரணத்துக்கே திரும்பி எல்லாத் தொகைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

| வந்த தொகை | பெரும்பாலும் நடந்தது |
|---|---|
| 0 | பணிக்காலம் 5 மாதம் என்று எண்ணப்பட்டது, அல்லது கடைசிச் சம்பளத்தைப் பார்த்துத் தகுதியில்லை என்று தள்ளப்பட்டது |
| 4,320 | வரம்பைத் தகுதி வரம்பாக்கி, தாண்டிய மூன்று மாதங்கள் விடப்பட்டன |
| 9,120 | சரி |
| 9,600 | கடைசிச் சம்பளம் 20,000-ஆகக் குறைக்கப்பட்டு ஆறால் பெருக்கப்பட்டது, அல்லது மொத்தத்துக்கு வரம்பு போடப்பட்டது |
| 10,080 | உச்சவரம்பு வேலை செய்யவில்லை |
| 18,720 | வெற்று மாதங்கள் உச்சவரம்பாக எண்ணப்பட்டன |

உங்கள் சொந்த எண்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் போடப் பத்து நிமிடம் போதும். கையில் வந்த தொகை இதில் எதனோடும் பொருந்தாவிட்டால், சம்பளத்தில் படிகள் சேர்ந்துவிட்டனவா அல்லது உயர்வு வேறு மாதத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு எண்ணிக்கைதான் வித்தியாசம் என்றால் அது முழு எண்ணாக்கியதில் வந்தது. மாதந்தோறும் முழு எண்ணாக்கிக் கூட்டுவதும் கடைசியில் ஒரே தடவை ஆக்குவதும் இவ்வளவு வேறுபடும், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

கேட்கும்போது

"என் போனஸ் தப்பு" என்று எழுதினால் "சரிபார்த்தோம், சரியாக உள்ளது" என்றுதான் பதில் வரும். கணக்கில் எந்த இடத்தில் வேறுபாடு என்று சொல்லிக் கேளுங்கள். நம் ஊழியர் எழுதியது இவ்வளவுதான்:

"நான் சேர்ந்தது ஜூலை 1, கணக்குக் காலம் முடிவது டிசம்பர் 31. இரண்டு நாட்களையும் சேர்த்தால் ஆறு மாதம் முழுமையாகிறது. உங்கள் தாளில் என் பணிக்காலம் எத்தனை மாதம் என்று உள்ளது? ஆறு என்றால், மாதம் 20,000 வரம்போடு என் கணக்கில் 1,14,000-க்கு 8 சதவீதமாக 9,120 வருகிறது. மாதவாரிப் பட்டியலை இணைத்துள்ளேன்."

இதற்குப் பதிலாகப் பணிக்காலம் ஐந்து என்று வந்தால் விஷயம் முடிந்தது, +1 இல்லாததுதான் காரணம். ஆறு என்று சொல்லியும் பூஜ்யம் என்றால், யாரோ 20,000-ஐத் தகுதி வரம்பாகப் படித்திருக்கிறார்கள். அப்போது கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, எந்த மாதச் சம்பளத்தை வைத்துத் தகுதி பார்த்தீர்கள் என்பது. டிசம்பர் சம்பளம் என்றால் அந்த மாதத்தை விதி எங்கே சொல்கிறது என்று காட்டச் சொல்லலாம். மாதந்தோறும் பார்த்தோம் என்றால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பருக்கு உரிய 4,320 எங்கே என்று கேட்கலாம்.